குரல் உடையும் வயதில் கூட இருந்தவர்களுக்கு

(தஞ்சாவூர் மாவட்ட மேல்நிலைப் பள்ளி ஒன்றின் இசை மன்ற ஆண்டு விழாவில், மன்றப் பொறுப்பாசிரியையான உயிரியல் ஆசிரியை ஆற்றிய நன்றியுரை)



நன்றியுரை என்றால் பெயர்களை வரிசையாகப் படிப்பது வழக்கம். பந்தல், மைக், நாற்காலி, சுண்டல் என்று உதவியவர்களின் பட்டியல் நோட்டீஸ் பலகையில் இருக்கிறது. அதில் யாரையும் விட்டுவிடவில்லை என்று இரண்டு முறை சரிபார்த்திருக்கிறோம். எனக்குக் கொடுத்திருக்கிற நேரத்தில் ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் நன்றி சொல்ல அனுமதி கேட்கிறேன். இந்த வருடம் நம் ஆசிரியர்களும் பெற்றோர்களும் சேர்ந்து செய்த காரியம் அது. மேடையில் அது தெரியாது. தெரிகிற விஷயம் ஒன்றுதான்: சேர்ந்திசையில் பின் வரிசையில் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பையன்கள் நிற்கிறார்கள். முந்தைய ஆண்டு விழாப் புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள் இருப்பார்கள், மேல் வகுப்புகளில் பெண் பிள்ளைகள் மட்டும்தான். எட்டாம் வகுப்பு வந்ததும் பையன்கள் பாட்டு வகுப்பை விட்டுப் போய்விடுவார்கள். கேட்டால், "இன்ட்ரஸ்ட் இல்ல டீச்சர்" என்பார்கள்.

ஆர்வம் போனதல்ல காரணம், குரல் போனதுதான். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் பையன்களுக்குக் குரல் உடைகிறது. நம் நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடக சபைகளில் முழுக்க முழுக்கச் சிறுவர்களே நடித்தார்கள், பாடினார்கள். பெண் வேடமும் அவர்கள்தான். அந்தச் சபைகளில் ஒரு பையன் மிக அஞ்சியது மகரக்கட்டைத்தான். நேற்றுவரை எட்டிய சுரம் இன்று எட்டாது. பாடுகிற வேடம் இன்னொருவனுக்குப் போய்விடும். அந்தச் சபைகள் மறைந்து பல காலம் ஆகிவிட்டது. ஆனால் பள்ளிக்கூடப் பாட்டு வகுப்புகளில் அதே கதைதான் வேறு விதமாக நடந்துகொண்டிருக்கிறது. அங்கே வாத்தியார் வேடத்தைப் பறித்தார், இங்கே பையன் தானாகவே நழுவிவிடுகிறான்.

நான் உயிரியல் ஆசிரியை. எனக்குத் தெரிந்த பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. மூச்சு அவற்றினூடே வரும்போது அவை அதிர்கின்றன. வீணைத் தந்தியைப் போலத்தான்: நீளமும் தடிமனும் கூடினால் சுரம் இறங்கும். பருவ வயதில் பையன்களின் குரல்வளை வேகமாக வளர்கிறது. கழுத்தில் மேடு தெரிய ஆரம்பிப்பது அதனால்தான். வளர்ந்த ஆணுக்குக் குரல்நாணின் அதிரும் பகுதி ஏறத்தாழ 16 மில்லிமீட்டர், பெண்ணுக்கு ஏறத்தாழ 10. சின்ன வயதில் இருவருக்கும் இதைவிடக் குறைவு. ஆகவே பையனின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. ஆனால் அது மாடிப்படியில் நிதானமாக இறங்குவதுபோல் இறங்குவதில்லை. நாண்கள் ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருக்க, அவற்றை இழுத்துப் பிடிக்கும் தசைகள் புதிய அளவுக்குப் பழக நாளாகிறது. அந்த இடைக்காலத்தில்தான் ஒரே வாக்கியத்தில் பாதி தடித்த குரலிலும் பாதி கீச்சென்றும் வருகிறது. பாடக்கூடிய சுரங்களின் எல்லையும் சுருங்கிவிடுகிறது. மேலே இருந்தது போய்விட்டது, கீழே வரவேண்டியது இன்னும் வரவில்லை.

இது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. பல வருடமாக ஒன்பதாம் வகுப்பில் நானே இதை நடத்தியிருக்கிறேன். ஆனால் புத்தகத்தில் இருப்பதற்கும் பாட்டு வகுப்பில் நிற்கிற பையனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியவர் நம் பாட்டு டீச்சர். என் முதல் நன்றி அவருக்கு.

அது காலை வணக்கத்தில் ஆரம்பித்தது. தமிழ்த்தாய் வாழ்த்தை நாம் தினமும் பாடுகிறோம். எம்.எஸ்.விசுவநாதன் மோகனத்தில் இசையமைத்தது. 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது, 55 விநாடியில் பாட வேண்டும் என்பதும் அப்போது வந்த ஆணைதான். நம் பள்ளியில் அந்த 55 விநாடியும் மேல் வகுப்புப் பையன்கள் உதட்டை அசைக்காமல் நிற்பார்கள். ஆசிரியர் கூட்டத்தில் இது மரியாதைக் குறைவு என்று பேச்சு வந்தது. பாடாதவர்களுக்குத் தண்டனை கொடுக்கலாமா என்றுகூட யோசித்தோம். பாட்டு டீச்சர் எழுந்து, "தண்டனையை அப்புறம் பாத்துக்கலாம் சார், யாரு பாட்டை எடுத்துக் கொடுக்கிறாங்கன்னு முதல்ல பாப்போம்" என்றார்.

மறுநாள் பார்த்தோம். மைக் முன்னால் நிற்கிற மாணவி அன்றைக்கு அவளுக்கு எந்தச் சுருதி வாய்த்ததோ அதில் தொடங்குகிறாள். ஆயிரம் பேர் முன்னால் நிற்கிற பதற்றத்தில் அது மேலே மேலேதான் போகிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். குரல் உடைந்த பையனுக்கு அந்த ஸ்தாயியில் பாதிப் பாட்டு எட்டாது. ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவனாக முயன்றால் பக்கத்தில் நிற்கிறவன் சிரிக்கிறான். உதட்டை மூடிக்கொள்வதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. அன்றிலிருந்து மைக் அருகே ஆர்மோனியம் வந்தது. தொடங்கும் சுரத்தை டீச்சர் வாசித்துக் காட்டுவார், அதிலிருந்துதான் பாட்டு எழும். பெரிய பையன்கள் கீழ் ஸ்தாயியில் பாடலாம் என்று ஒரு வாரம் தனியாகப் பழக்கினார். இப்போது நீங்கள் காலையில் பள்ளி வாசல் பக்கம் போனால் கீழே ஒரு தடித்த குரல் சேர்ந்து ஒலிப்பது கேட்கும். யாரையும் தண்டிக்கவில்லை.

அடுத்து அவர் செய்தது இன்னும் நுட்பமானது. எட்டாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள ஒவ்வொரு பையனுக்கும் ஓர் அட்டை போட்டார். மாதம் ஒருமுறை மதிய இடைவேளையில் ஒவ்வொருவனையும் கூப்பிட்டு, பாடச் சொல்லாமல் பேசச் சொன்னார். "ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் சாதாரணமா எண்ணுடா." அவன் எண்ணும்போது ஆர்மோனியத்தில் தேடி அவன் பேச்சு எந்தக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பேசும் சுருதி ஒருவன் பாடக்கூடிய அடிச் சுரத்துக்கு மூன்று நான்கு அரைச்சுரம் மேலே இருப்பது வழக்கம். ஆகவே பேச்சைப் பிடித்தால் தரை எங்கே என்று தெரிந்துவிடும். அதன் பிறகு 'ஊ' என்று மெதுவாகக் கீழே வழுக்கச் சொல்வார், மேலே வழுக்கச் சொல்வார். சிரமமில்லாமல் வருகிற கடைசிக் கட்டை எது என்று இரு பக்கமும் குறித்துக்கொள்வார். முகத்தைச் சுளித்தாலோ தாடை தூக்கினாலோ கழுத்து நரம்பு தெரிந்தாலோ அந்தச் சுரம் கணக்கில் சேராது. ஒருவனுக்கு இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

ஒரு பையனின் அட்டையை மட்டும் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இன்றைக்கு மேடையில் இருக்கிறான், வெட்கப்படுவான். ஏழாம் வகுப்பில் அவன் 5 கட்டைச் சுருதியில் பாடிக்கொண்டிருந்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆர்மோனியத்தில் எத்தனையாவது வெள்ளைக் கட்டையில் சட்ஜத்தை வைத்துக்கொள்கிறோமோ அதுதான் கட்டைக் கணக்கு. பெண்களும் சிறுவர்களும் பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள், ஆண்கள் 1 கட்டையை ஒட்டி. இந்தப் பையனுக்கு மேலே தாரஸ்தாயி காந்தாரம் வரை வந்தது. மாவட்டப் போட்டியில் பரிசு வாங்கியவன். எட்டாம் வகுப்பு ஜூன் மாதம் அவனை எண்ணச் சொன்னபோது பேச்சு 5 கட்டையில் நின்றது. பாடச் சொன்னால் கீழே 3 கட்டையிலிருந்து மேலே அடுத்த 1 கட்டை வரைக்கும்தான் நிம்மதியாக வந்தது. மொத்தம் ஆறு வெள்ளைக் கட்டைகள். அதற்கு மேலே போனால் குரல் இரண்டாகப் பிளந்தது. அவன் கண் கலங்கி, "இனிமே நான் வரல டீச்சர்" என்று சொல்லிவிட்டான்.

டீச்சர் அவனிடம் சமாதானம் சொல்லவில்லை. அட்டையைக் காட்டினார். "ஆறு சுரம் இருக்கில்ல. ஆறு சுரத்துக்குப் பாட்டு தேட வேண்டியது என் வேலை. நீ அட்டையை மட்டும் மாசாமாசம் வந்து நிரப்பிட்டுப் போ" என்றார்.

இங்கேதான் பாட்டிமார்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். டீச்சர் தேடியது சுரங்களின் எல்லை குறுகலான பாட்டுகளை. கர்நாடக இசையில் சில ராகங்கள் மேல் சட்ஜத்தைத் தொடுவதே இல்லை. குறிஞ்சி கீழே மந்தர நிஷாதத்தில் தொடங்கி மேலே தைவதத்தோடு நின்றுவிடும். நவரோஜ் மந்தர பஞ்சமத்துக்கும் மத்திய பஞ்சமத்துக்கும் இடையிலேயே நடக்கும். நாதநாமக்கிரியை, புன்னாகவராளி இரண்டும் நிஷாதத்தைத் தாண்டுவதில்லை. இந்த ராகங்களில் எவை அதிகம் பாடப்படுகின்றன என்று பாருங்கள்: லாலி, ஊஞ்சல், நலங்கு, தாலாட்டு. தியாகராஜரின் 'சீதா கல்யாண வைபோகமே' குறிஞ்சிதான். கல்யாண வீட்டில் சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டு மாமி என்று பாட்டே கற்காதவர்களும் சேர்ந்து பாடுகிறார்களே, எப்படி முடிகிறது? எட்டாத சுரம் அதில் இல்லை. வீட்டுப் பெண்கள் எல்லோரும் பாட வேண்டும் என்று இருந்த பாட்டுகள் அவை. உடைந்த குரலுக்கும் அவையே பொருந்தின.

ஒரு மாணவியின் பாட்டி தினமும் மூன்று மணிக்குப் பேத்தியை அழைத்துப்போக வருவார். மரத்தடியில் காத்திருந்த அவரை டீச்சர் வகுப்புக்குள் கூப்பிட்டு, தெரிந்த ஊஞ்சல் பாட்டைப் பாடச் சொன்னார். அவர் முதலில் மறுத்தார். பிறகு பாடினார், பாடிக்கொண்டே இருந்தார். நம் மன்றத்தின் நோட்டுப் புத்தகத்தில் இன்று இருக்கிற ஊஞ்சல் பாட்டு, நலங்குப் பாட்டு, தாலாட்டு எல்லாமே அவரும் அவரைத் தொடர்ந்து வந்த மற்றப் பாட்டிகளும் கொடுத்தவை. வரி மறந்தபோது வீட்டுக்குப் போய் அக்காவிடம் போனில் கேட்டு வந்தார்கள். அம்மா, உங்களுக்கு நாங்கள் பொன்னாடை போர்த்தினோம். நீங்கள் கொடுத்ததற்கு அது ஈடில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

பாட்டு கிடைத்துவிட்டது. பெண் பிள்ளைகளையும் உடைந்த குரல் பையன்களையும் ஒரே சுருதியில் நிறுத்துவது எப்படி? 5 கட்டையில் சட்ஜம் வைத்தால் பெண்களுக்குச் சரி. பையன்கள் அதே ஸ்தாயியில் பாடினால் மேலே எட்டாது, ஒரு ஸ்தாயி இறங்கினால் கீழே எட்டாது. 1 கட்டையில் வைத்தால் பையன்களுக்குச் சரி, முழு ஸ்தாயியும் தாண்டி மேலே ஏறுகிற பாட்டென்றால் பெண் பிள்ளைகள் கத்த வேண்டியிருக்கும். இதற்கு விடை நம் மரபிலேயே இருந்தது. குறிஞ்சி, நவரோஜ் போன்ற ராகங்களை மத்தியம சுருதியில் பாடுவது வழக்கம். அதாவது, பாடகர் தன் வழக்கமான சுருதியின் மத்தியமத்தையே அந்தப் பாட்டுக்குச் சட்ஜமாக வைத்துக்கொள்வார். பாட்டு மேலே அதிகம் ஏறாததால் சட்ஜத்தைத் தூக்கி வைத்தாலும் சிரமமில்லை. 5 கட்டையின் மத்தியமம் எங்கே விழுகிறது? மேல் 1 கட்டையில். 5 கட்டைப் பெண்ணுக்கு மத்தியம சுருதி எதுவோ, அதன் கீழ் ஸ்தாயிதான் வளர்ந்த பையனுக்கு இயல்பான சட்ஜம். இரண்டு குரலும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒரே சுரத்தில் வந்து நின்றன. டீச்சர் இதைக் கரும்பலகையில் ஆர்மோனியக் கட்டைகளை வரைந்து எங்களுக்கு விளக்கியபோது கணக்கு சார் தன்னையறியாமல் கை தட்டினார்.

இனி அந்தப் பையனுக்கு வருவோம். ஜூனில் அவனிடம் இருந்த ஆறு கட்டைகளைக் குறிஞ்சியின் மேல் வைத்துப் பார்த்தால், கீழ் ஸ்தாயியில் காந்தாரம், மத்தியமம், பஞ்சமம், தைவதம் நான்கும் அவனுக்கு வந்தன. சட்ஜமும் ரிஷபமும் அதற்குக் கீழே, இன்னும் திறக்கவில்லை. ஆகவே காந்தாரத்துக்கு மேலே நடக்கிற வரிகளை மட்டும் அவன் பாடினான், மற்ற வரிகளில் தாளம் போட்டான். காலாண்டுத் தேர்வு முடிந்து வந்தபோது பேச்சு 3 கட்டைக்கு இறங்கியிருந்தது, ரிஷபம் கிடைத்தது, சட்ஜம் காற்றாக வந்தது. பொங்கல் விடுமுறைக்குப் பின்னால் பேச்சு 2 கட்டை. கீழே 7 கட்டை வரை ஒலி நின்றது. குறிஞ்சிக்கு வேண்டிய மந்தர நிஷாதம் அதுதான். முழுப் பாட்டையும் அவன் முதல் முறையாகப் பாடிய அன்று அட்டையை அவனே நிரப்பினான். குரல் முழுதாக நிலைபெற இன்னும் காலம் இருக்கிறது. வரப்போவது எப்படிப்பட்ட குரல் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. பழைய 5 கட்டைக் குரல் திரும்பாது. அதையும் டீச்சர் அவனிடம் மறைக்கவில்லை.

எல்லோருக்கும் இப்படி ஒழுங்காக நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மாதக்கணக்கில் எல்லை விரியவே இல்லை. அவனைக் கட்டாயப்படுத்தாமல் மிருதங்கத்துக்கு மாற்றினார். இன்று கொன்னக்கோல் சொல்லப் போகிறவன் அவன்தான். இருவர் நின்றே போனார்கள். பாட்டில் ஆர்வம் இல்லை, கால்பந்தில்தான் இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னார்கள். அதுவும் சரிதான், காரணம் அவர்களுக்குத் தெரிந்து போனார்கள்.

பெண் பிள்ளைகளை மறந்துவிட்டதாக அவர்கள் நினைக்க வேண்டாம். அவர்களுக்கும் குரல் மாறுகிறது. இரண்டு மூன்று அரைச்சுரம்தான் இறங்கும் என்பதால் வெளியே தெரிவதில்லை. ஆனால் அந்த வயதில் குரலோடு காற்றும் சேர்ந்து வரும், நீண்ட கார்வை நிற்காது. "சோம்பேறித்தனம், மூச்சுக் கட்டிப் பாடு" என்று பல இடங்களில் இவர்களை அதட்டுவார்கள். நம் டீச்சர் கார்வைகளைக் குறைத்து, வரிகளுக்கு நடுவில் மூச்செடுக்க இடம் வைத்துக் கொடுத்தார். அதட்டல் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நன்றி பி.டி. சாருக்கு. பாட்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். குரல் உடைவதும் தொண்டை கெடுவதும் இரண்டு வேறு விஷயங்கள். உடைகிற குரல் திடீரென்று துள்ளும், ஆனால் வலிக்காது. தாழ்ந்த சுரத்தில் பேசும்போது தெளிவாக இருக்கும். கத்திக் கெட்ட தொண்டை எப்போதும் கரகரக்கும், மாலையில் மோசமாகும், இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் தெளியும். தொடர்ந்து கத்தினால் குரல்நாண் ஓரத்தில் காய்ப்புபோலக் கணுக்கள் வரலாம். டீச்சரின் அட்டையில் நான்கு பையன்களின் எல்லை மாதத்துக்கு மாதம் தாறுமாறாக இருந்தது. விசாரித்ததில் நால்வரும் கபடிக் குழு. களத்துக்குள் ஒரே மூச்சில் பாடிப் போவதால் கெடுதல் இல்லை, கோட்டுக்கு வெளியே நின்று மணிக்கணக்கில் கத்துவதுதான் கெடுத்தது. அதில் ஒருவன் அணிவகுப்பில் கட்டளை கொடுப்பவனும்கூட. பி.டி. சார் அன்றைக்கே அவனுக்கு விசிலைக் கொடுத்துக் கட்டளையை வேறு ஒருவருக்கு மாற்றினார். வெளியே நிற்பவர்கள் கத்தாமல் கை தட்டட்டும் என்றார். பாட்டு வகுப்பு நாளுக்கு முந்தின மாலை கபடிப் பயிற்சி வைப்பதையும் நிறுத்தினார். அடுத்த மாதமே அட்டை ஒழுங்காயிற்று. சார், உங்கள் விசிலுக்கு எங்கள் நன்றி.

தன் வகுப்பு நேரத்தை விட்டுக்கொடுத்த கணக்கு சாருக்கும், ஆர்மோனியத்தின் துருத்தியை மாற்றப் பணம் ஒதுக்கிய தலைமையாசிரியருக்கும் நன்றி. இதைச் சொன்னால் அவர்களுக்குப் போதும், நீட்டினால் இருவரும் கோபித்துக்கொள்வார்கள்.

இப்போது பெற்றோர்கள். ஆடி மாதக் கூட்டத்தில் உங்களிடம் நாங்கள் கேட்டவை மூன்று. பையனின் குரலை வீட்டில் கேலி செய்யாதீர்கள். உறவினர் வந்தால் "ஒரு பாட்டுப் பாடுடா" என்று நடுவீட்டில் நிறுத்தாதீர்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்பதற்குச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் போனில் பையன் பேசினால் "அம்மாவா, அப்பாவா?" என்று கேட்கிற சித்தப்பாவை அடக்குவது சின்ன விஷயம் இல்லை என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். அடக்கியதற்கு நன்றி. ஒரு பையனை மருத்துவரிடம் காட்டியதில் கணு இருப்பது தெரிந்து, பேச்சுப் பயிற்சியில் சரியாகிக்கொண்டிருக்கிறது. அவன் அப்பா காத்திருந்து காட்டாமல் "வயசுக் கோளாறு, சரியாப் போயிடும்" என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை.

பனங்கற்கண்டுப் பாலும் அதிமதுரமும் மிளகும் கொடுத்து அனுப்பிய அம்மாக்களுக்கும் நன்றி. உயிரியல் ஆசிரியையாக ஒன்று சொல்லியாக வேண்டும்: நாம் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, குரல்நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். பால் அதைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறிவிடும். தொண்டைக்கு இதம், அதற்கு மேல் குரல் உடைவதை அது நிறுத்தாது. அதை நிறுத்தவும் வேண்டியதில்லை. தண்ணீர் நிறையக் குடிக்கவையுங்கள், அது உதவும். பாலையும் கொடுங்கள், பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு குடும்பத்தைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். அப்பா தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறார். மாலையில் பையன் கூடப் போய், தெருத் தெருவாகக் கூவுவான். அட்டையில் அவன் எல்லை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டீச்சர் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினார். கூவாமல் வியாபாரம் எப்படி நடக்கும்? நியாயமான கேள்வி, எங்களிடம் பதில் இல்லை. அப்பாதான் யோசித்து ஒரு சின்ன ஒலிபெருக்கி வாங்கினார். தன் குரலிலேயே தக்காளி, கத்தரிக்காய், வெண்டைக்காய் என்று பதிவு செய்து வண்டியில் கட்டிவிட்டார். பையன் இப்போதும் மாலையில் கூடப் போகிறான், எடை போடுகிறான், கணக்குப் பார்க்கிறான். கூவுவதில்லை. அந்த ஒலிபெருக்கியின் விலை அவருக்கு எத்தனை நாள் லாபம் என்று நான் கேட்கவில்லை. ஐயா, நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. உங்கள் மகன் பின் வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக நிற்பான். கீழ் ஸ்தாயியில் கேட்கிற சட்ஜத்தில் அவன் பங்கு இருக்கிறது.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். ஏழாம் வகுப்பு முடிக்கிற பையன்களின் பெற்றோர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஜூன் மாதம் உங்கள் பிள்ளை வந்து, "எனக்குப் பாட்டு வேண்டாம்" என்று சொன்னால் திட்டவும் வேண்டாம், உடனே சரி என்றும் சொல்ல வேண்டாம். ஒரு மதியம் இரண்டு நிமிடம் பாட்டு டீச்சரிடம் அனுப்பி ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணவிடுங்கள். அட்டையைப் பார்த்த பிறகு அவனே முடிவு செய்யட்டும்.

அடுத்து மாணவர்கள் குறிஞ்சியில் ஊஞ்சல் பாட்டுப் பாடுவார்கள். 5 கட்டை, மத்தியம சுருதி. தெரிந்த பாட்டிகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சேர்ந்து பாடலாம், டீச்சர் அனுமதி கொடுத்திருக்கிறார்.